புதிய எச்.டி.பி.இ. லைனில் கைப்பம்பு சோதனை: கேஜ் முள் மெல்ல இறங்குகிறது, இது கசிவா?

புதுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்குப் புதிதாக 32 மி.மீ. எச்.டி.பி.இ. குழாயில் 90 மீட்டர் நீளத்துக்குக் குடிநீர் லைன் போட்டிருக்கிறோம். இரண்டு சுருள்களை நடுவில் ஒரு கம்ப்ரஷன் கப்ளிங் கொண்டு இணைத்திருக்கிறோம். மேல் முனை வீட்டுப் பக்கமும் கீழ் முனை மெயின் பக்கமும் இருக்கின்றன. பள்ளத்தை இன்னும் முழுவதும் மூடவில்லை. குழாயின் மேல் ஆங்காங்கே மண் போட்டு, இணைப்புகளை மட்டும் திறந்து விட்டிருக்கிறோம்.

லைனில் அதிகபட்சமாக 6 பார் அழுத்தம் வரலாம் என்பதால், அதன் ஒன்றரை மடங்காக 9 பார் வரை ஏற்றுவது என்று முடிவு செய்து, வாடகைக்குக் கைப்பம்பு எடுத்து மேல் முனையிலிருந்து நீர் நிரப்பி அடித்தோம். ஏறத்தாழ ஐம்பது அடி அடித்த பிறகே முள் 9-க்கு வந்தது. அரை மணி நேரத்தில் அது 8-க்கு இறங்கியது. மறுபடி 9-க்கு ஏற்றினால் மறுபடி இறங்குகிறது, ஆனால் முதல் தடவையைவிட மெதுவாக. இணைப்புகளைத் தடவிப் பார்த்ததில் சொட்டு எதுவும் தெரியவில்லை. குழாய் பதித்தவர் "பிளாஸ்டிக் குழாய் அப்படித்தான் இருக்கும், மூடிவிடலாம்" என்கிறார். மூடலாமா?

இரும்புக்கரம் எழுதியது:

மூடாதீர்கள். முள் இறங்கினால் எங்கோ நீர் போகிறது என்பதுதான் பொருள், வேறு விளக்கம் தேவையில்லை. நான் பல ஆண்டுகளாக ஜி.ஐ. லைன் போட்டு வருகிறேன்; மாலையில் ஏற்றி வைத்தால் முள் முடியளவுகூட நகரக் கூடாது என்பதே எங்கள் கணக்கு. கப்ளிங்கை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் பாருங்கள்.

மாடிவீடு எழுதியது:

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். மேல் மாடிக் குளியலறையில் காலை நேரத்தில் அழுத்தம் குறைந்து ஷவரில் நீர் நூல் போல வருகிறது. கைப்பம்பு கொண்டு சோதித்தால் காரணம் தெரியுமா, அல்லது நேரடியாக பூஸ்டர் பம்பு வைத்துவிடலாமா?

நீரோட்டம் எழுதியது:

மாடிவீடு, உங்களுடையது நீர் ஓடும்போது அழுத்தம் போதாத சிக்கல். இங்கே பேசுவது நீர் ஓடாமல் அடைத்து வைத்த லைனைப் பற்றியது. தனி இழையாகக் கேளுங்கள், அங்கே பதில் எழுதுகிறேன்.

புதுவழி, தீர்ப்புச் சொல்வதற்கு முன் எனக்குச் சில விவரங்கள் தேவை. நீங்கள் பார்த்த கேஜ் பம்பிலேயே இருப்பதா, அதன் முகப்பு எத்தனை பார் வரை போகிறது? பம்புக்கும் லைனுக்கும் நடுவில் தனி வால்வு இருக்கிறதா? கீழ் முனை மேல் முனையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, அதை எதைக் கொண்டு அடைத்திருக்கிறீர்கள்? பம்பை ஒரு முறை அடித்தால் எவ்வளவு நீர் போகிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள். ஒரு குவளையில் பத்து அடி அடித்தால் போதும்.

புதுவழி எழுதியது:

ஐயா, கேஜ் பம்பில் இருப்பதுதான்; 60 பார் வரை குறிக்கப்பட்டு, ஒவ்வொரு கோடும் 2 பார். நடுவில் தனி வால்வு இல்லை, பம்பின் வால்வுகள் மட்டுமே. கீழ் முனை ஏறத்தாழ 12 மீட்டர் தாழ்வு; அங்கே குழாயின் சொந்த பால் வால்வை மூடியிருக்கிறோம். பத்து அடிக்கு 400 மி.லி. வந்தது.

நீரோட்டம் எழுதியது:

நன்றி. இந்த விவரங்களிலேயே பாதிக் கதை இருக்கிறது.

முதலில் கேஜ். 60 பார் முகப்பில் 2 பாருக்கு ஒரு கோடு என்றால், 9 என்று நீங்கள் படித்தது 8-க்கும் 10-க்கும் நடுவில் கண்ணால் பிரித்த ஒரு மதிப்பீடு. இப்படிப்பட்ட கேஜ்களின் துல்லியம் முழு முகப்பில் இத்தனை சதவீதம் என்றே குறிக்கப்படும், முகப்பில் 1.6 என்று அச்சிட்டிருந்தால், 60 பார் கேஜில் ஏறத்தாழ 1 பார் வரை பிழை இருக்கலாம். நீங்கள் தேடும் இறக்கமே 1 பார்தான். ஆகவே 16 பார் முகப்பும் 0.2 பார் கோடும் உள்ள கேஜ் ஒன்றை வாங்கி, லைனின் பக்கத்தில், பம்புக்கு அப்பால் பொருத்துங்கள். படிக்கும்போது முகப்புக்கு நேர் எதிரே கண்ணை வைத்து, கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டிய பிறகு படிக்க வேண்டும். மெல்ல நகரும் முள் சில நேரம் பல்சக்கரத்தில் ஒட்டி நின்றுவிட்டு, தட்டியவுடன் அரைக் கோடு தாவும். அழுத்தம் இல்லாத நிலையில் முள் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பம்பு. நடுவில் வால்வு இல்லாததால், பம்பின் உள்ளே இருக்கும் திரும்பாத வால்வில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தாலும் நீர் பம்பின் தொட்டிக்கே மெல்லத் திரும்பும். அதை நீங்கள் லைனின் கசிவாகப் படிப்பீர்கள். பம்பின் ஹோஸை லைனிலிருந்து கழற்றி, முனையைப் பிளக் போட்டு அடைத்து, 9 பாருக்கு ஏற்றிப் பாருங்கள். பம்பு மட்டும் தனியாகவே இறங்கினால் அதைச் சரி செய்யும் வரை லைனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கீழ் முனையிலும் இதே சிக்கல் உண்டு. மூடிய பால் வால்வின் மறுபக்கம் வழியாகச் சிறிதளவு நீர் போனாலும் சோதனை பொய்யாகும். அங்கே எண்ட் கேப் போடுவதே சரி.

மூன்றாவது, நான் மிகவும் கவலைப்படுவது, அந்த ஐம்பது அடி. உங்கள் குழாயின் உள்விட்டம் 26 மி.மீ. என்று கொண்டால் 90 மீட்டரில் ஏறத்தாழ 48 லிட்டர் நீர் நிற்கும். 9 பாருக்கு ஏற்றும்போது அந்த நீர் சுருங்குவது வெறும் 20 மி.லி.தான், பிளாஸ்டிக் குழாய் விரிவதையும் சேர்த்தால் மொத்தம் அரை லிட்டர் அளவில் கூடுதல் நீர் போக வேண்டும். நீங்கள் செலுத்தியது ஐம்பது அடி, அதாவது 2 லிட்டர். மிச்சம் ஒன்றரை லிட்டர் எங்கே போயிற்று? கேஜ் 9 பார் காட்டும்போது உள்ளே அடைபட்ட காற்று தன் பழைய அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே ஒன்றரை லிட்டர் இடம் கிடைக்க வேண்டுமானால், லைனில் அதற்கும் சற்று அதிகமான காற்று இருந்திருக்க வேண்டும். குழாயில் அது ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம்.

காரணமும் தெரிகிறது. மேல் முனையிலிருந்து நிரப்பினீர்கள். நீர் சரிவில் குழாயின் அடிப்பக்கமாக ஓடி இறங்க, காற்று மேலே ஏற முயன்று, இரண்டும் ஒரே குழாயில் எதிரெதிராகப் போய், சிறு மேடுகளில் காற்று தங்கிவிட்டது. கீழ் முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, மேல் முனையைத் திறந்து விட்டு, நீர் குமிழி இல்லாமல் ஒரே சீராக வரும் வரை ஓடவிடுங்கள். அழுத்தத்தில் காற்று மெல்ல மெல்ல நீரில் கரையவும் செய்யும்; அதனாலும் முள் இறங்கும், கசிவே இல்லாத லைனிலும்.

இரும்புக்கரம் எழுதியது:

நீரோட்டம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? காற்றை நீக்கிவிட்டால் முள் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கசிவு. எங்கள் லைன்களில் இதுவே எப்போதும் போதுமானதாக இருந்திருக்கிறது.

நீரோட்டம் எழுதியது:

அண்ணா, இரும்புக் குழாய்க்கு நீங்கள் சொல்வது முற்றிலும் பொருந்தும். அதே 48 லிட்டர் இரும்பு லைனில் 2 அல்லது 3 மி.லி. நீர் வெளியேறினாலே 1 பார் இறங்கிவிடும். சொட்டுச் சொட்டான கசிவைக்கூட சில நிமிடங்களில் கேஜ் காட்டிக்கொடுக்கும். எச்.டி.பி.இ. லைனில் அதே 1 பார் இறங்க 50 மி.லி.க்கும் மேல் நீர் போக வேண்டும். அதாவது கசிவு மெதுவாகவே தெரியும். அத்துடன் குழாயின் சுவர் அழுத்தத்தில் மணிக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். விரியும் அளவு நேரம் ஆக ஆகக் குறையும், ஆனால் சீக்கிரத்தில் நிற்காது. முள் நிற்கவே நிற்காத லைனில் "முள் நிற்க வேண்டும்" என்ற விதியை வைத்தால், நல்ல இணைப்புகளை எல்லாம் இறுக்கி இறுக்கி ஓ-ரிங்கைப் பிதுக்கிவிடுவோம்.

ஆனால் குழாய் பதித்தவர் சொன்னது இதைவிட ஆபத்தானது. குழாய் விரிகிறது என்பது உண்மை, அந்த உண்மையின் பின்னால் ஒரு கசிவு ஒளிந்துகொள்ளலாம் என்பதும் உண்மை.

தோட்டத்துளி எழுதியது:

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டா? இரண்டிலும் முள் இறங்கத்தானே செய்கிறது?

நீரோட்டம் எழுதியது:

உண்டு. ஈ.என். 805 என்ற ஐரோப்பியத் தரநிலையில் இதற்கான முறை இருக்கிறது. பெரிய லைன்களுக்காக எழுதப்பட்டது என்றாலும் அதன் கருத்து சிறிய லைனுக்கும் பொருந்தும். குழாயை ஏற்றி வைத்துவிட்டு இறங்குகிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, ஏற்றி, சற்று இறக்கி விட்டு, பிறகு ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் அது. விரிந்திருந்த சுவர் அழுத்தம் திடீரெனக் குறைந்தவுடன் சுருங்க முயலும்; அடைபட்ட நீரை அது நெருக்குவதால் முள் தானாகச் சற்று ஏறி நிற்கும். கசிவு இருந்தால் அந்த ஏற்றம் நிலைக்காது, சில நிமிடங்களில் திரும்பி இறங்கும்.

புதுவழி, உங்கள் லைனுக்கு இப்படிச் செய்யுங்கள். காற்றை நீக்கிய பிறகு, அழுத்தம் இல்லாமல் குறைந்தது ஒரு மணி நேரம் குழாயை ஓய்வாக விடுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்குள் 9 பாருக்கு ஏற்றி, அரை மணி நேரம் அவ்வப்போது அடித்து 9-லேயே வைத்திருங்கள். அதன் பின் பம்பின் பக்கத்து வால்வை மூடி ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். அதில் முள் இறங்கும், அஞ்ச வேண்டாம், ஆனால் 9-இல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டால் சோதனையை அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள். அடுத்து, வால்வை மெல்லத் திறந்து ஓர் அளவுக் குவளையில் நீரைப் பிடித்தபடியே 1.1 பார் மட்டும் சட்டென இறக்குங்கள். உங்கள் லைனில் அதற்கு 70 மி.லி.க்கு மேல் வரக் கூடாது; அதிகம் வந்தால் காற்று மிச்சமிருக்கிறது, மேற்கொண்டு எதைப் படித்தாலும் பொருளில்லை. 70-க்குள் இருந்தால் வால்வை மூடி அரை மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படித்து எழுதுங்கள்.

இன்னொன்று: கேஜ் மேல் முனையில் 9 காட்டும்போது 12 மீட்டர் தாழ்வில் உள்ள கீழ் முனையில் ஏறத்தாழ 10.2 பார் இருக்கும். உங்கள் குழாய் அதைத் தாங்கும் தரம்தானா என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பார்த்து உறுதி செய்யுங்கள்; கப்ளிங், எண்ட் கேப் ஆகியவற்றுக்கும் அதே கேள்வி. எண்ட் கேப்புக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம்.

வெயில்நிழல் எழுதியது:

நேரத்தையும் சொல்லிவிடுங்கள். எங்கள் லைனில் காலையில் ஏற்றி வைத்து, வெயில் ஏறிய பிறகு பார்த்தபோது இறங்கியிருந்தது. வெயில் பட்டால் அழுத்தம் கூடும் என்றல்லவா நினைத்திருந்தோம்? பள்ளம் முழுவதையும் தோண்டித் தேடியும் கசிவு கிடைக்கவில்லை.

நீரோட்டம் எழுதியது:

இரும்பில் கூடும். காற்றில்லாத இரும்பு லைன் ஒரு டிகிரி சூடானாலே 3 பார் அளவுக்குக்கூட ஏறலாம். இரும்புக்கரம் அண்ணா மாலையில் ஏற்றி வைத்து முள் நகரவில்லை என்றால், அன்று இரவு குளிரும் அவருக்கு ஒத்துழைத்திருக்க வேண்டும். எச்.டி.பி.இ. வேறு மாதிரி: சூட்டில் குழாயின் கொள்ளளவு நீரைவிட அதிகமாக விரிவதோடு, சுவரும் இளகுகிறது. அதனால் வெயிலில் முள் இறங்குவது இயல்பு. திறந்து கிடக்கும் குழாயின் மேல் மண் போட்டு மூடி, வெப்பம் மாறாத நேரத்தில் சோதியுங்கள். அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் முடிப்பது நல்லது.

இரும்புக்கரம் எழுதியது:

இரவுக் குளிரைப் பற்றி நான் யோசித்ததில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு வேளை முள் இறங்கியிருந்தால் நாங்கள் விடியற்காலையில் எல்லா இணைப்பையும் பார்ப்போம். அந்தப் பழக்கம் தவறில்லை என்றே இன்னும் சொல்வேன்.

புதுவழி எழுதியது:

எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். பம்பை மட்டும் அடைத்துப் பார்த்ததில் முள் நின்றது, ஆகவே பம்பில் குறையில்லை. கீழே எண்ட் கேப் போட்டு, கீழிருந்தே நிரப்பினோம். மேல் முனையில் முதலில் நீர் வந்தது, பிறகு இருமல் போலக் காற்று, பிறகு மறுபடி நீர், என்று வெகு நேரம் மாறி மாறி வந்து, கடைசியில் சீரானது. இந்த முறை 9 பாருக்கு ஏற பதினான்கு அடிதான் பிடித்தது. குழாயின் மேல் பி.என். 16 என்று அச்சிட்டிருந்தது.

தொடாமல் விட்ட ஒரு மணி நேரத்தில் 9-இலிருந்து 7.9-க்கு வந்தது. 6.8-க்கு இறக்கியபோது குவளையில் 60 மி.லி. விழுந்தது. அதன் பிறகு படித்தவை: பத்தாம் நிமிடம் 7.0, இருபதாம் நிமிடம் 6.9, முப்பதாம் நிமிடம் 6.7. முதலில் ஏறியதைப் பார்த்து மகிழ்ந்தோம். பிறகு இறங்கியதை எப்படி எடுத்துக்கொள்வது?

நீரோட்டம் எழுதியது:

கசிவு இருக்கிறது. பதினான்கு அடி என்றால் 560 மி.லி.; கணக்கிட்ட அரை லிட்டரை ஒட்டியே இருக்கிறது, குவளையில் வந்த 60-உம் அதையே சொல்கிறது. ஆகவே காற்றின் மேல் பழி போட முடியாது. சுவர் சுருங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் முள் இறங்குகிறது என்றால் நீர் வெளியே போகிறது. இருபது நிமிடத்தில் 0.3 பார் இறக்கம், அதோடு சுவர் கொடுக்க வேண்டிய ஏற்றமும் காணாமல் போனது, இரண்டையும் சேர்த்தால் தோராயமாக இரண்டு மூன்று நொடிக்கு ஒரு சொட்டு. பள்ளத்து மண் ஈரமாக இருந்தால் இது கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவினாலும் தெரியாது; நிரப்பும்போது சிந்திய நீரே எல்லாவற்றையும் நனைத்திருக்கும்.

ஒவ்வொரு இணைப்பையும் துணியால் உலரத் துடைத்து, கப்ளிங்கின் அடிப்பக்கம் உட்பட, நட் முடியும் இடத்தைச் சுற்றி மெல்லிய டிஷ்யூ தாளை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி ஏற்றி வையுங்கள். சொட்டு விழுவதற்கு முன்பே தாள் நிறம் மாறும்.

புதுவழி எழுதியது:

கிடைத்தது. நடுவில் உள்ள கப்ளிங், மெயின் பக்கத்து நட்டின் அடியில். தாளின் கீழ் ஓரம் மட்டும் நாணய அளவுக்குக் கருமையாகி, பிறகு முழுவதும் நனைந்தது. அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றிப் பார்த்தோம். குழாயின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது; ஒரு பக்கம் உள்ளே தட்டியதால் முழுவதும் போய்விட்டதாக நினைத்து இறுக்கியிருக்கிறார்கள், மறுபக்கம் ஓ-ரிங்கை அரைகுறையாகத்தான் தாண்டியிருந்தது. ஓ-ரிங்கின் மேல் அந்த இடத்தில் மெல்லிய கீறலும் இருக்கிறது. இறுக்கியிருந்தால் நின்றிருக்குமா?

நீரோட்டம் எழுதியது:

சில நாள் நின்றிருக்கலாம். கீறிய ஓ-ரிங்கை மாற்றி, குழாயை நேராக வெட்டி, வெளி விளிம்பைச் சற்றே சாய்வாகச் செதுக்கி, கப்ளிங்குக்குள் போக வேண்டிய ஆழத்தைக் குழாயின் மேல் மார்க்கரால் கோடிட்டு, அந்தக் கோடு நட்டின் ஓரத்தைத் தொடும் வரை தள்ளிய பிறகே இறுக்குங்கள். வெட்டிய அளவுக்குக் குழாய் குறுகும், அதை இழுத்துப் பிடித்துச் சேர்க்காதீர்கள். மறுசோதனைக்கு முன் ஓய்வு நேரத்தைக் குறைக்க வேண்டாம். முதல் சோதனையின் விரிவு இன்னும் சுவரில் மிச்சமிருந்தால் இரண்டாவது சோதனையின் அளவுகள் உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

புதுவழி எழுதியது:

மாற்றிவிட்டு, காற்றை மறுபடி நீக்கி, ஓர் இரவு முழுவதும் அழுத்தமில்லாமல் விட்டு, அதிகாலையில் சோதித்தோம். ஒரு மணி நேரத்தில் 9-இலிருந்து 8.2, 7.1-க்கு இறக்கினோம், பிறகு 7.3, 7.4, 7.4. தாள்கள் எல்லாம் உலர்ந்தே இருக்கின்றன.

இரும்புக்கரம் எழுதியது:

நல்லது. இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. 0.2 பார் கோடு உள்ள கேஜில் 7.3-க்கும் 7.4-க்கும் உள்ள வேறுபாடு அரைக் கோடுதான். அதை நம்பிப் பள்ளத்தை மூடுவீர்களா? என் இடமாக இருந்தால் இன்னும் ஓர் அரை மணி நேரம் முள்ளைப் பார்ப்பேன்.

நீரோட்டம் எழுதியது:

எண்ணை நம்பவில்லை, திசையை நம்புகிறேன்: ஏறியது, நின்றது, திரும்பி இறங்கவில்லை. ஆனால் சந்தேகமான அளவுக்குச் சிறிய ஏற்றம் என்றால் நேரத்தை நீட்டுவது சரிதான். தரநிலையிலும் ஐயம் இருந்தால் ஒன்றரை மணி நேரம் வரை நீட்டச் சொல்கிறார்கள். இந்த லைனில் நான் மூடிவிடுவேன், நீங்கள் காத்திருப்பீர்கள். இருவருக்கும் காரணம் இருக்கிறது.

தோட்டத்துளி எழுதியது:

எனக்கும் ஒரு கேள்வி. எங்களுடையது பி.பி.ஆர். குழாய், சுவருக்குள் போட்டது, கீசரும் கலவைக் குழாய்களும் பொருத்தியாகிவிட்டது. அதையும் 9 பாருக்கு ஏற்றி இறக்கலாமா?

நீரோட்டம் எழுதியது:

கீசரோடு சேர்த்து ஏற்ற வேண்டாம். அதன் டேங்கும் பாதுகாப்பு வால்வும் எவ்வளவு தாங்கும் என்பது அதன் தகட்டில் இருக்கும், பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டால் அதையே கசிவு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எல்லாக் கருவிகளையும் கழற்றிப் பிளக் போட்ட பிறகு எத்தனை முனைகள், மொத்த நீளம் எவ்வளவு, சுவர் பூசியாகிவிட்டதா என்று எழுதுங்கள்.

தோட்டத்துளி எழுதியது:

முனைகள் ஒன்பது. நீளத்தை அளந்துவிட்டு எழுதுகிறேன். சுவர் பூசியாகிவிட்டது, டைல்ஸ் மட்டும் இன்னும் ஒட்டவில்லை.